ஒரே 7 சதவீதம், ஆனால் ஆர்.டி.யில் வட்டி பாதிதான்: படம் 3-இல் எங்கே தவறினேன்?

பார்வதிபுரம் மனிதவளம்

வணக்கம். நாகர்கோவிலில் ஒரு தனியார் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் பணிபுரிகிறேன். எங்களிடம் புதிதாகச் சேர்பவர்களில் பெரும்பாலோர் வாழ்க்கையில் முதன்முறையாகச் சம்பளம் வாங்குபவர்கள். எஃப்.டி., ஆர்.டி. இரண்டையும் எந்தப் பக்கமும் சாயாமல் அவர்களுக்கு விளக்குவதற்காக, கைபேசியில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் ஏழு படங்கள் கொண்ட ஒரு கரோசலைத் தயாரித்து வருகிறேன். மற்றவை ஓரளவு அமைந்துவிட்டன. மூன்றாவது படத்தில்தான் சிக்கிக்கொண்டேன். அதன் வாசகம் இது:

> ஓராண்டு. 60,000 ரூபாய். இரண்டிலும் 7% வட்டி.
> எஃப்.டி.யில் மொத்தமாகப் போட்டால் வட்டி 4,312 ரூபாய்.
> ஆர்.டி.யில் மாதம் 5,000 வீதம் போட்டால் வட்டி 2,311 ரூபாய்.

காலாண்டுக்கு ஒருமுறை வட்டி அசலில் சேர்வதாக வைத்து இரண்டு முறை கணக்கிட்டுச் சரிபார்த்துவிட்டேன். ஆனால் இதைப் பார்த்த புதியவர்கள் இருவரும், ‘அப்படியானால் ஆர்.டி. ஏமாற்று வேலை, எஃப்.டி.யே போதும்’ என்று ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் இருவரிடமும் இன்றைக்கு 60,000 ரூபாய் கிடையாது என்பதுதான் வேடிக்கை. கணக்கு தவறா, அல்லது நான் அதை வைத்த விதம் தவறா?

குளச்சல் அலை

கையில் 60,000 ரூபாய் இருந்தால் யோசிக்காமல் எஃப்.டி. போட்டுவிடுங்கள். ஆறு மாதங்களுக்கு முன்பு என் தாயாருக்கும் அதைத்தான் செய்து கொடுத்தேன். எந்த வங்கியில் இப்போது வட்டி அதிகம் என்று தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

பார்வதிபுரம் மனிதவளம்

பணம் என்னுடையதல்ல, அண்ணன். எப்படி எழுதுவது என்பதுதான் என் கேள்வி.

குழித்துறைக்காரன்

கணக்கு சரிதான். 60,000 ரூபாய்க்கு 2,311 ரூபாய் என்றால் அது 3.85 சதவீதம். ஆர்.டி.க்கு 7 சதவீதம் என்று பலகையில் எழுதி வைத்துவிட்டு வங்கி உண்மையில் கொடுப்பது அவ்வளவுதான். இதை மறைக்காமல் அப்படியே போடுங்கள், பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும். ஆர்.டி.யில் இருக்கும் ஒரே நன்மை, அதில் வரும் வட்டிக்கு டி.டி.எஸ். பிடிக்க மாட்டார்கள் என்பது. அதை ஒரு படமாகச் சேர்த்தால் இரண்டு பக்கமும் சமமாகிவிடும்.

ஓய்வுபெற்ற காசாளர், தக்கலை

குழித்துறைத் தம்பி வகுத்த கணக்கு சரி. அதிலிருந்து எடுத்த முடிவு சரியில்லை. வங்கி இரண்டுக்கும் 7 சதவீதமே கொடுக்கிறது. வேறுபாடு, பணம் வங்கியில் கிடந்த காலத்தில் இருக்கிறது.

ஆர்.டி.யின் பன்னிரண்டு தவணைகளையும் பன்னிரண்டு தனித்தனி ஐயாயிரங்களாக எண்ணிப் பாருங்கள். முதல் மாதம் கட்டிய ஐயாயிரம் பன்னிரண்டு மாதமும் வங்கியில் இருந்து, முதிர்வு நாளில் ஏறத்தாழ 359 ரூபாய் வட்டியுடன் திரும்புகிறது. கடைசித் தவணை ஒரே மாதம்தான் இருக்கிறது. அது கொண்டுவருவது 29 ரூபாய். நடுவில் உள்ளவை இந்த இரண்டுக்கும் இடையே படிப்படியாக இறங்குகின்றன. அவை தங்கிய மாதங்களை 12, 11, 10 என்று கடைசி 1 வரை கூட்டினால் 78 வரும். எஃப்.டி.யில் அதே பன்னிரண்டு ஐயாயிரங்களும் முதல் நாளே உள்ளே வந்து பன்னிரண்டு மாதமும் தங்கிவிடுவதால் கூட்டுத்தொகை 144. எழுபத்தெட்டை நூற்று நாற்பத்து நான்கால் வகுத்தால் பாதிக்குச் சற்று மேல். நீங்கள் எழுதிய இரண்டு வட்டித் தொகைகளுக்கும் இடையே இருப்பதும் ஏறக்குறைய அதே விகிதம்தான். வேறுவிதமாகச் சொன்னால், ஆர்.டி.யில் உங்கள் பணம் சராசரியாக ஆறரை மாதம்தான் வங்கியிடம் இருந்தது. அந்த ஆறரை மாதத்துக்கு முழு 7 சதவீதம் கிடைத்திருக்கிறது.

எனவே மூன்றாவது படத்தில் எண்கள் தவறல்ல. இரண்டு வேறு மனிதர்களை ஒரே ஆள் போலக் காட்டியதே தவறு. ஒருவரிடம் ஆண்டின் தொடக்கத்திலேயே 60,000 இருக்கிறது. மற்றவரிடம் மாதம் 5,000 மட்டுமே மிஞ்சுகிறது. பின்னவருக்கு அந்த எஃப்.டி. என்ற வாய்ப்பே கிடையாது. அவர் அந்த ஐயாயிரத்தைச் சேமிப்புக் கணக்கிலேயே விட்டுவைத்தால், 2.5 சதவீத வட்டி என்று கொண்டாலும் ஆண்டு முடிவில் சுமார் 810 ரூபாய்தான் சேரும். ஆர்.டி.யின் 2,311 ரூபாயை அதன் அருகில் வைத்துப் பாருங்கள்.

டி.டி.எஸ். பற்றித் தம்பி சொன்னது பழைய நிலை. 2015 ஜூன் 1 முதல் ஆர்.டி. வட்டியும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. 2025 ஏப்ரல் முதல், மூத்த குடிமக்கள் அல்லாதவர்களுக்கு ஒரு வங்கியில் வரும் ஆண்டு வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் பிடித்தம் என்பதால், உங்கள் புதியவர்களுக்கு இரண்டிலுமே பிடித்தம் வராது. பிடித்தம் இல்லை என்பதால் வட்டிக்கு வருமான வரி இல்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. இரண்டின் வட்டியும் வருமானமே.

குழித்துறைக்காரன்

டி.டி.எஸ். விஷயம் எனக்குத் தெரியாமல் போயிற்று, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படத்தைப் பார்க்கும் இளைஞன் 78, 144 என்றெல்லாம் எண்ணிக்கொண்டிருப்பானா, ஐயா?

குலசேகரம் கணக்கர்

ஐயா சொன்னதில் ஒரு வழி விடுபட்டிருக்கிறது. மாதம் 5,000 மட்டுமே மிஞ்சுபவருக்கும் எஃப்.டி. உண்டு. ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் நான் ஆர்.டி. போடுவதில்லை, சம்பளம் வந்ததும் கைபேசியிலேயே 5,000 ரூபாய்க்கு ஓராண்டு எஃப்.டி. ஒன்று போட்டுவிடுவேன். பன்னிரண்டு மாதம் கழிந்தால் பன்னிரண்டு ரசீதுகள் இருக்கும். பதின்மூன்றாம் மாதம் முதல் மாதந்தோறும் ஒன்று முதிரும். மழை பிடித்துப் பால்வெட்டு நின்றால் எங்கள் சம்பளமும் தள்ளிப்போகும். அப்போது ஒரு ரசீதை மட்டும் உடைத்துக்கொள்வேன். மற்ற பதினொன்றும் அப்படியே இருக்கும். ஆர்.டி. என்றால் முழுக் கணக்கையும் அல்லவா முடிக்க வேண்டும்?

ஓய்வுபெற்ற காசாளர், தக்கலை

நல்ல வழி, நான் விட்டது உண்மைதான். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. ஆர்.டி. தொடங்கிய நாளின் வட்டி விகிதம் கடைசித் தவணை வரை மாறாது. உங்கள் ரசீதுகளுக்கோ அந்தந்த மாதத்தின் விகிதம்தான். 2025-இல் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 6.50-இலிருந்து நான்கு தடவையாக 5.25-க்குக் கொண்டுவந்தது, வங்கிகளும் வைப்பு வட்டியைக் குறைத்துக்கொண்டே வந்தன. அந்த ஆண்டு சனவரியில் ஆர்.டி. தொடங்கியவருக்கு டிசம்பர் தவணைக்கும் பழைய வட்டியே கிடைத்திருக்கும்.

குலசேகரம் கணக்கர்

என் பிந்தைய ரசீதுகளில் அது தெரிகிறது, மறுக்கவில்லை. விகிதம் ஏறும் ஆண்டில் இதே கணக்கு எனக்குச் சாதகமாகத் திரும்பும் அல்லவா? அதனால் என் வழியை மாற்றிக்கொள்ள எண்ணமில்லை.

வடசேரி வாசகி

படத்தில் விடுபட்ட இன்னொன்றை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். எனக்குச் சம்பளம் 7-ஆம் தேதி வரும். ஆர்.டி. தொடங்கியபோது படிவத்தில் 5-ஆம் தேதி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஐந்தாம் தேதி கணக்கில் முந்நூறு ரூபாய் கிடக்கும், தவணை திரும்பிவிடும், நானும் கவனிக்கவில்லை. ஐந்தாம் மாதம் பாஸ்புக்கைப் பதித்துப் பார்த்தபோது, வரிசையாக இருக்க வேண்டிய தவணைகளில் இரண்டு காணவில்லை. அபராதம் தனி வரியாக நின்றது. எவ்வளவு பிடித்தார்கள் என்பதைவிட, இப்படி ஒன்று உண்டு என்று முன்பே யாரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஓய்வுபெற்ற காசாளர், தக்கலை

இதற்குக் கட்டாயம் ஒரு படம் வேண்டும், அம்மா. நான் இருந்த வங்கியில் தவறிய தவணைக்கு நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய் அபராதம். 5,000 ரூபாய்க்கு 75 ரூபாய். அந்த ஐயாயிரம் ஒரு மாதத்தில் ஈட்டும் வட்டியோ 29 ரூபாய்தான். ஒரு மாதத் தவறு, அந்தத் தவணையின் இரண்டரை மாத வட்டியைத் தின்றுவிடுகிறது. அஞ்சலகத்தில் நூற்றுக்கு ஒரு ரூபாய். அங்கே இன்னொரு விதியையும் பார்க்க வேண்டும்: மாதத்தின் 15-ஆம் தேதிக்குள் கணக்கைத் தொடங்கியவர் ஒவ்வொரு மாதமும் 15-க்குள் கட்ட வேண்டும், 16-க்குப் பின் தொடங்கியவருக்கு மாதக் கடைசி வேலைநாள் வரை அவகாசம் உண்டு. சம்பளம் தாமதமாகும் இடங்களில் வேலை செய்பவர் 16-க்குப் பின் தொடங்குவதே நல்லது. ஆனால் அஞ்சலக ஆர்.டி. ஐந்தாண்டுக் கணக்கு, மூன்றாண்டு முடியாமல் மூட இயலாது. ஓராண்டுக் கணக்கோடு அதை ஒரே படத்தில் கலக்காதீர்கள்.

பார்வதிபுரம் மனிதவளம்

அனைவருக்கும் நன்றி. மூன்றாவது படத்தை இரண்டாகப் பிரித்தேன். தவணைத் தேதிக்கு ஒரு படம் சேர்த்தேன்.

> படம் 3: இன்று உங்கள் கையில் மொத்தமாகப் பணம் இருக்கிறதா? எஃப்.டி.யைப் பாருங்கள். 60,000 ரூபாய், ஓராண்டு, 7%: வட்டி 4,312 ரூபாய்.

> படம் 4: மாதாமாதம்தான் மிஞ்சுகிறதா? ஆர்.டி.யைப் பாருங்கள். மாதம் 5,000, ஓராண்டு, 7%: வட்டி 2,311 ரூபாய். எஃப்.டி.யைவிடக் குறைவாகத் தெரிவதன் காரணம்: முதல் தவணை 12 மாதம் வங்கியில் இருந்தது, கடைசித் தவணை 1 மாதம்தான் இருந்தது. விகிதம் ஒன்றே.

> படம் 5: ஆர்.டி. தவணைத் தேதி, உங்கள் சம்பளத் தேதிக்கு இரண்டு மூன்று நாள் பின்னால் இருக்கட்டும். தவறினால் அபராதம், ஒரு மாத வட்டியைவிடப் பெரிதாக இருக்கலாம்.

இன்று காலை அதே இருவரிடம் காட்டினேன். ஒருவர் உடனே, ‘எனக்கு நான்காவது படம்’ என்றார். இன்னொருவர், ஊரில் சித்தப்பா கொடுத்த 40,000 ரூபாய் சும்மா கிடப்பதாகவும் மாதம் 3,000 மிஞ்சுவதாகவும் சொல்லி, இரண்டையும் போடலாமா என்று கேட்டார். அப்படியும் ஒருவர் இருப்பார் என்று நான் நினைக்கவே இல்லை.

சேமிப்புக் கணக்கின் 810 ரூபாயைப் படம் 4-இல் சேர்ப்பதா என்று மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை. சேர்த்தால் ஆர்.டி.க்கு விளம்பரம் போல் ஆகிவிடுமோ என்று தோன்றுகிறது.

குழித்துறைக்காரன்

சேர்க்காதீர்கள். ஒரு படத்துக்கு ஓர் ஒப்பீடு போதும்.

ஓய்வுபெற்ற காசாளர், தக்கலை

நான் சேர்க்கவே சொல்வேன். மாதம் 5,000 மிஞ்சுபவருக்கு முன்னால் உண்மையில் இருக்கும் தேர்வு அதுதான். குலசேகரத்துத் தம்பியின் வழிக்கும் அதே படத்தில் ஒரு வரி இடம் கொடுங்கள்.