சர்வரில் வரும் தாமதத்துக்கும் நம் இணைப்பில் வரும் தாமதத்துக்கும் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்?

தேவன், சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். பட்டணத்தில் இணைய மையம் நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் தோட்டத்துப் பிள்ளைகள், மீதிப்பேர் பக்கத்துத் தாமான் பிள்ளைகள். விளையாட்டு இழுக்கத் தொடங்கிவிட்டால் எல்லாருக்கும் ஒரே கூச்சல்தான்: "சர்வர் லாக்!" திரையில் ஓடும் எண்களைப் பார்த்துத் தாங்களே கண்டுகொள்ளும்படி, ஒரு தாளில் தமிழில் எழுதி ஒவ்வொரு கணினிக்கும் மேலே ஒட்டலாம் என்றிருக்கிறேன். அதற்கு இரண்டு பெயர்கள் வேண்டும். ஒன்று, சர்வரே திணறுவதால் வரும் தாமதத்துக்கு. மற்றொன்று, நம் பக்க இணைப்பால் வரும் தாமதத்துக்கு.

இங்கே இன்னும் பழைய சிஎஸ்கோ ஆட்டம்தான் ஓடுகிறது. `net_graph 1` என்று தட்டினால் வருவது இது. போன சனிக்கிழமை இரவு எடுத்தேன்:

```
fps: 142  var: 0.9 ms  ping: 184 ms
loss: 3%  choke: 0%
tick: 64.0  sv: 2.1 +- 0.4 ms  var: 0.312 ms
```

மாலதி, ஈப்போ

தேவன் தம்பிக்கு வணக்கம். "தாமதம்" வேண்டாமே. பஸ் தாமதம், சம்பளம் தாமதம் என்று எல்லாவற்றுக்கும் பயன்பட்டுத் தேய்ந்துவிட்ட சொல் அது. "சுணக்கம்" இருக்கிறதே. வேலை நடக்கிறது, ஆனால் நகர மாட்டேன் என்கிறது என்ற பொருள் அதிலேயே இருக்கிறது. வழங்கிச் சுணக்கம், இணைப்புச் சுணக்கம் என்று வைக்கலாம்.

குமரேசன், கிள்ளான்

"வழங்கி" என்றால் எந்தப் பையனுக்கும் புரியாது. நான் எளிய வழி சொல்கிறேன். சர்வரில் கோளாறு என்றால் எல்லாருக்கும் இழுக்கும், நம் லைனில் கோளாறு என்றால் நமக்கு மட்டும் இழுக்கும். அதனால் பொதுச் சுணக்கம், தனிச் சுணக்கம் என்று வையுங்கள். பெயரைக் கேட்டதுமே சோதிக்கும் முறையும் தெரிந்துவிடும். `choke` ஏறினாலும் சர்வர் குற்றம்தான், அதையும் பொதுச் சுணக்கத்தில் சேர்த்துவிடலாம்.

தேவன், அந்த இரவு உங்கள் கடையில் எத்தனை பேருக்கு இழுத்தது?

தேவன்

ஆடிக்கொண்டிருந்த ஆறு பேருக்கும் அண்ணன். எல்லாருக்கும் `ping` 20-க்குள் இருந்தது, ஒரே சமயத்தில் 180-ஐத் தாண்டியது.

குமரேசன்

அப்படியானால் பொதுச் சுணக்கம். சர்வர்தான்.

செல்வம், சிங்கப்பூர்

இல்லை. குமரேசனின் பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் இந்தக் கடையில் அது பொய் சொல்லும். ஆறு பேரும் ஒரே லைனில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த லைன் திணறினால் ஆறு பேருக்கும் சேர்ந்துதான் இழுக்கும். "எல்லாருக்கும்" என்று எண்ண வேண்டியவர்கள் கடைக்கு வெளியே இருப்பவர்கள். டேப் விசையை அழுத்தினால் பட்டியலில் எல்லாருடைய `ping`-உம் தெரியும். ஈப்போவிலோ ஜொகூரிலோ இருந்து அதே ஆட்டத்தில் இருப்பவருக்கு அந்த நேரத்தில் எவ்வளவு காட்டியது என்று பார்த்திருக்க வேண்டும்.

பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, தேவன் அனுப்பிய மூன்றாவது வரியே போதும். `tick: 64` என்றால் சர்வர் ஒரு நொடியில் 64 முறை ஆட்டத்தைக் கணக்கிட வேண்டும். ஒரு முறைக்குக் கிடைப்பது சுமார் 15.6 மில்லி வினாடி. `sv` என்பது அந்தக் கணக்கை முடிக்கச் சர்வர் எடுத்துக்கொண்ட நேரம். இங்கே 2.1. வேலையை முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறது பாவம், அதன்மேல் பழி போடுகிறீர்கள். சர்வர் நிதானமாக இருக்கும்போது `ping` மட்டும் ஏறி, `loss`-உம் எட்டிப் பார்த்தால் கோளாறு வழியில்தான் இருக்கிறது.

தேவன், அந்த நேரத்தில் கடையில் யாராவது எதையாவது மேலேற்றிக்கொண்டிருந்தார்களா?

தேவன்

முன்மேசைக் கணினியில் ஒரு வாடிக்கையாளர் கல்யாண வீடியோவை ஏற்றிக்கொண்டிருந்தார். ஆனால் ஆட்டத்துக்கு வேண்டியது மிகவும் கொஞ்சம் தரவுதானே?

செல்வம்

கொஞ்சம்தான், ஆனால் வரிசை ஒன்றுதான். மேலேற்றும் வேகத்தை வீடியோ முழுவதுமாகப் பிடித்துக்கொண்டால், மற்ற தரவுப் பொட்டலங்கள் ரௌட்டரில் அதன் பின்னால் காத்துக் கிடக்கும். ரௌட்டர் உடனே எதையும் தள்ளிவிடாது, சேர்த்து வைத்துக்கொள்ளும். அந்தக் காத்திருப்புத்தான் உங்கள் 184-இல் பெரும்பகுதியாக இருக்க வேண்டும். `loss` 3% என்பது சர்வரிலிருந்து வரும் வழியில் தொலைந்த பொட்டலங்களின் விகிதம்.

சோதிப்பது எளிது. அதே வீடியோவை மறுபடி ஏற்றிப் பாருங்கள். நடுவில் நிறுத்தினால் சில நொடிகளில் `ping` இறங்க வேண்டும். இறங்கினால், ரௌட்டரில் அந்தக் கணினியின் மேலேற்று வேகத்துக்கு ஒரு வரம்பு போட்டுவிடுங்கள்.

`choke` பற்றியும் ஒன்று. அது சர்வர் அனுப்பாமல் நிறுத்தி வைத்த பொட்டலங்களின் விகிதம். சர்வர் திணறினாலும் அது ஏறும். நம் கணினியில் `rate` அளவைக் குறைத்து வைத்திருந்தாலும் ஏறும், ஏனென்றால் நாம் சொன்ன வரம்புக்கு அடங்கித்தான் சர்வர் நிறுத்தி வைக்கிறது. எனவே அதை எந்தப் பக்கத்திலும் சேர்க்க முடியாது.

பரமேஸ்வரி, தைப்பிங்

என் மகன் கைப்பேசியில் ஆடுகிறான். மேலே ஒரே ஓர் எண்தான், பச்சையிலோ சிவப்பிலோ தெரிகிறது. `sv` எல்லாம் இல்லை. அப்படியானால் இணையத் திட்டத்தை மாற்ற வேண்டுமா?

செல்வம்

அக்கா, அந்த ஓர் எண்ணை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. திட்டத்தை மாற்றுவதற்கு முன், சிவப்பு வரும்போது வீட்டு வைஃபையை அணைத்துவிட்டுக் கைப்பேசி டேட்டாவில் ஆடச் சொல்லுங்கள். பச்சைக்குத் திரும்பினால் கோளாறு வீட்டு வைஃபையிலோ அதன் லைனிலோ இருக்கிறது. மாறாவிட்டால் உறுதியாக எதையும் சொல்ல முடியாது. டேட்டாவும் அந்த நேரத்தில் மோசமாக இருக்கலாம்.

தேவன்

நிறுத்திப் பார்த்தேன் அண்ணன், இறங்கிவிட்டது. வரம்பும் போட்டாயிற்று.

இன்னொன்று கேட்கிறேன். கடைக்குள்ளேயே ஒரு பழைய கணினியைச் சர்வராக வைத்து, கணினியே ஆட்டுவிக்கும் போட் ஆட்களை நிறைய இறக்கிவிட்டு ஆடினார்கள். எல்லாருக்கும் குதித்தது. அங்கே எடுத்தது:

```
loss: 0%  choke: 0%
tick: 64.0  sv: 19.8 +- 6.5 ms
```

குமரேசன்

இதைத்தான் நான் பொதுச் சுணக்கம் என்றேன்!

செல்வம்

இது சரி. 15.6-க்குள் முடிய வேண்டிய வேலை 19.8 எடுக்கிறது. லைனுக்கு இதில் பங்கே இல்லை. போட் ஆட்களைக் குறைத்தால் `sv` இறங்கும். அந்த 6.5-ஐயும் கவனியுங்கள். சராசரி 12 என்று நல்லபிள்ளையாக இருந்து, ஏற்ற இறக்கம் பெரிதாக இருந்தாலும் இடையிடையே வரம்பைத் தாண்டும், அப்போதும் குதிக்கும்.

ஓர் எச்சரிக்கை. `sv` சர்வரே அனுப்பும் எண், அதே பொட்டலங்களில்தான் வருகிறது. இணைப்பு அறவே நின்றுவிட்டால் திரையில் தெரிவது கடைசியாக வந்து சேர்ந்த பழைய எண். அதை நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

மாலதி

ஆக, எத்தனை பேருக்கு இழுக்கிறது என்பதை வைத்துப் பெயரிட்டால் ஒரே கடையில் இருப்பவர்கள் ஏமாறுவார்கள். எங்கே தேங்குகிறது என்பதை வைத்துத்தான் பெயர் இருக்க வேண்டும். வழங்கிச் சுணக்கம், வழிச் சுணக்கம் என்று வையுங்கள். செல்வம் சொன்ன கணக்கில் "இணைப்பு" என்பதைவிட "வழி" பொருந்துகிறது. ரௌட்டர், லைன், இடையில் உள்ள நிறுவனம் எல்லாம் அதற்குள் அடங்கும்.

குமரேசன்

இரண்டும் "வழ" என்று தொடங்குகின்றன. கத்திக்கொண்டே ஆடுகிற பையன் காதில் எது விழும்? சர்வர் சுணக்கம், வழிச் சுணக்கம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். அப்போதும் நம் கடையின் கோளாறும் நிறுவனத்தின் கோளாறும் ஒரே பெயரில் வருகின்றன. யாரிடம் புகார் கொடுப்பது என்று தெரியாதே.

செல்வம்

அதைத் திரையில் ஓடும் எண்களாலும் பிரிக்க முடியாது. ரௌட்டருக்குத் தனியாக ஒரு பிங் போட்டுப் பார்க்க வேண்டும். அதிலேயே ஏறினால் கோளாறு கடைக்குள். அங்கே ஏறாவிட்டால் ரௌட்டருக்கு அப்பால், ஆனால் கல்யாண வீடியோ மாதிரி நம்மால் வரும் நெரிசலும் அங்கேதான் தெரியும். புகார் கொடுக்கும் முன் கடையில் வேறு யாரும் லைனைப் பிடித்திருக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

தேவன்

தாளில் "சர்வர் சுணக்கம்" என்றே போடுகிறேன், மாலதி அக்கா மன்னிக்கவும். அடைப்புக்குறிக்குள் "வழங்கி" இருக்கும். கீழே "வழிச் சுணக்கம்". `choke`-க்கு யாராவது ஒரு சொல் கொடுங்கள். "நிறுத்திவைப்பு" என்று எழுதினேன், பையன்கள் பார்த்துவிட்டு யாருடைய சம்பளத்தை என்று கேட்கிறார்கள்.