00.20 மணியை தமிழ்ல எந்த தேதின்னு எழுதுறது? உதவுங்க

மயிலாடுதுறை பயணிகள் குரூப்புக்காக ரயில் நேர மாற்ற அறிவிப்புகளை தமிழ்ல எழுதிக்கிட்டு இருக்கேன், இப்ப ஒண்ணுல மாட்டிக்கிட்டேன். சென்னைலேர்ந்து 14ஆம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் கிளம்புற வண்டி, நம்ம ஊருக்கு 23.45க்கு வர்றது அன்னிக்கு மட்டும் 00.20க்கு வருதாம். இங்கிலீஷ் அறிவிப்புல 'ஜே.சி.ஓ 14'ன்னு மட்டும்தான் இருக்கு, அது வண்டி புறப்படுற ஊர்ல கிளம்புற தேதி, நாம ஏறுற தேதி இல்ல.

முதல்ல '14ஆம் தேதி 00.20'ன்னு போட்டேன், 24 மணி கணக்கு தெரிஞ்சவங்க வெள்ளிக்கிழமை ராத்திரியேன்னு எடுத்துக்குறாங்க. '15ஆம் தேதி இரவு 12.20'ன்னு மாத்தினா ஞாயித்துக்கிழமை ராத்திரி சாப்பிட்டுட்டு கிளம்பலாம்னு டீக்கடை அண்ணன் சொல்றாரு, அதுக்குள்ள வண்டி போய் ஒரு நாள் ஆயிருக்கும். 'அதிகாலை 12.20'ன்னா பெரியவங்க நாலு மணி அஞ்சு மணியத்தான் நினைக்குறாங்க, வெறும் '12.20'ன்னா மத்தியானம் ஆயிடுது. டிக்கெட்ல வேற ஏறுற தேதி 14ன்னே இருக்கு, அதனால 15ன்னு பார்த்ததும் இது நம்ம வண்டி இல்ல போலன்னு விட்டுடுறாங்க.

இப்ப கையில இருக்குறது இது:

'டிக்கெட்டில் 14ஆம் தேதி, 23.45 என்று உள்ளவர்களுக்கு: 14 சனிக்கிழமை இரவு 11.30க்குள் மயிலாடுதுறை ஸ்டேஷனுக்கு வந்துவிடவும். நள்ளிரவு 12 தாண்டி 20 நிமிடத்தில் (00.20, அப்போது தேதி 15 ஞாயிறு) ரயில் வரும்.'

நாளைக்கு ஒட்டணும். கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் இப்படி எழுதிப் பழக்கம் உள்ளவங்க சொல்லுங்க, இதைப் படிச்சுட்டு யாராவது தப்பான ராத்திரிக்கு வர்ற மாதிரி இன்னும் இடம் இருக்கா?