r-ஐத் தட்டிப் பார்ப்பதா, கூடவே இன்னொரு சமன்பாடு ஓட்டுவதா?

ஈஸ்ட்_மாணவி: ஈஸ்ட் வளர்ச்சிக்கு லாஜிஸ்டிக் மாதிரி வைத்திருக்கிறேன். தொடக்கம் 10, உச்ச வரம்பு K = 1000, வளர்ச்சி வீதம் r = 0.5 (மணிக்கு). r கொஞ்சம் மாறினால் ஈஸ்ட் எண்ணிக்கை y எவ்வளவு மாறும் என்று பார்க்க r-ஐ 1e-9 கூட்டி மறுபடி ஓட்டிக் கழித்தேன். வரைபடம் ரம்பப் பல் மாதிரி வருகிறது. சால்வர் LSODA, rtol 1e-6. எங்கே தப்பு?

பழைய_கோடர்: இவ்வளவு சின்னதாகத் தட்டினால் அப்படித்தான் வரும். r-ஐ 0.505 ஆக்கி ஓட்டுங்கள். 10-வது மணியில் y 599.9-லிருந்து 611.8 ஆகும். வித்தியாசத்தை 0.005-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2390. வேலை முடிந்தது. உணர்திறன் சமன்பாடு எல்லாம் பரீட்சைக்குத்தான்.

கரைமேல்: தப்பு எங்கே என்று கோடர் சரியாகவே பிடித்துவிட்டார், காரணத்தைத்தான் சொல்லவில்லை. 1e-9 தட்டினால் y உண்மையில் 0.0000024 அளவுதான் நகரும். சால்வரோ 600-க்குப் பக்கத்தில் 0.0006 வரை பிழை இருந்தால் கண்டுகொள்ளாது. r துளி மாறியதும் அது படிநீளத்தையும் வரிசையையும் வேறு இடத்தில் மாற்றிக்கொள்ளலாம். அந்தச் சத்தத்தை 1e-9-ஆல் வகுத்ததுதான் உங்கள் ரம்பப் பல்.

சரி, 1e-3 போதுமா, 1e-4 போதுமா என்று ஒவ்வொரு மாதிரிக்கும் தேடுவதை விட, r மாறும்போது y விலகும் வீதத்தையே s என்ற மாறியாக வைத்து y-யோடு சேர்த்து ஓட்டிவிடலாம், கோடர் சொன்ன உணர்திறன் சமன்பாடு அதுதான்:

```python
def f(t, u, r, K):
    y, s = u
    dy = r*y*(1 - y/K)
    ds = r*(1 - 2*y/K)*s + y*(1 - y/K)
    return [dy, ds]
```

தொடக்கத்தில் s = 0, ஏனென்றால் தொடக்க அளவு r-ஐப் பொறுத்ததில்லை. ds-இன் இரண்டாம் உறுப்பு, இந்த நொடியில் r நேரடியாகக் கொடுக்கும் தள்ளு. முதல் உறுப்பு, ஏற்கெனவே சேர்ந்த விலகல் என்ன ஆகிறது என்பது. y 500-க்குக் கீழே இருக்கும்வரை அது விலகலை வளர்க்கும், தாண்டியதும் கரைக்கும். 10-வது மணியில் s 2400-ஐத் தொடும், அதுதான் உச்சம். கோடரின் 2390 சற்றுக் குறைவாக வந்தது அவர் தட்டிய அளவு பெரிது என்பதால்.

ஈஸ்ட்_மாணவி: ஓட்டிவிட்டேன், வழவழப்பாக வருகிறது. ஆனால் 30-வது மணியில் s வெறும் 0.9. இதுவும் தப்பா?

கரைமேல்: இல்லை, இது சரிதான். அதற்குள் ஈஸ்ட் K-யை எட்டிவிட்டது. r எதுவாக இருந்தாலும் 1000-க்குத்தானே போய் நிற்கும்? உங்கள் எண்ணிக்கையில் ±20 பிழை என்று வையுங்கள். 10-வது மணி அளவீடு r-ஐ 20/2400, அதாவது 0.008-க்குள் பிடித்துத் தரும். 30-வது மணி அளவீடு ஒன்றும் தராது, அது K-க்கு மட்டும் உதவும். எப்போது எண்ணிப் பார்க்கலாம் என்று s சொல்லிவிடும்.

ஈஸ்ட்_மாணவி: ஐயோ, நான் 24 மணிக்குப் பிறகுதான் எண்ணவே தொடங்கினேன்.

தோட்டக்காரர்: நானும் இதே மாதிரி மாட்டிக்கொண்டேன். தொட்டியில் நீர் ஒரு மட்டத்துக்கு வந்ததும் பம்ப் நிற்கும் மாதிரி. பம்பின் ஓட்டம்தான் பாராமீட்டர். s கணக்கும் தட்டிப் பார்த்த கணக்கும் பம்ப் நிற்கும்வரை ஒத்துப்போகின்றன, அதற்கப்புறம் பிரிகின்றன. அப்போது சமன்பாடுதானே பொய் சொல்கிறது?

கரைமேல்: அதில் ஓர் உறுப்பு விடுபட்டிருக்கிறது. ஓட்டம் மாறினால் பம்ப் நிற்கும் நேரமும் மாறும், அதனால் அந்த நொடியில் s ஒரு தாவு தாவ வேண்டும். நிற்பதற்கு முந்தைய வேகத்திலிருந்து பிந்தைய வேகத்தைக் கழித்து, நேரம் ஓட்டத்தோடு மாறும் விகிதத்தால் பெருக்கி, s-இல் கூட்டுங்கள். இதைக் கண்டுபிடிக்கத் தட்டிப் பார்த்தது உதவியிருக்கிறது, அந்த மட்டும் கோடர் பக்கம் நியாயம்.

பழைய_கோடர்: அப்பாடா! என் மாதிரியில் 40 பாராமீட்டர், 12 மாறிகள். உங்கள் வழியில் கூடுதலாக 480 சமன்பாடு. கையால் வகைக்கெழு எடுத்தால் ஒரு குறி தப்பினாலும் போச்சு.

கரைமேல்: உங்கள் வழியிலும் 40 தடவை கூடுதலாக ஓட்ட வேண்டும். CVODES என்ற சால்வர் கூடுதல் சமன்பாடுகளைத் தானே சேர்த்து ஓட்டும். அல்லது, பிழை வர்க்கக் கூட்டல் என்ற ஒரே எண்ணின் சரிவு போதும் என்றால் பின்னோக்கி ஒரே ஓட்டம் போதும்.

பழைய_கோடர்: எனக்கு ஒவ்வொரு நேரத்திலும் s வேண்டும், பின்னோக்கி ஓட்டம் அதைத் தராது. நான் 1e-3-லேயே இருக்கிறேன்.

கரைமேல்: இருங்கள். 1e-2, 1e-4-இலும் அதே விடை வருகிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

பழைய_கோடர்: 37 ஒத்துப்போகின்றன. மூன்று இல்லை. திங்கட்கிழமை பார்க்கிறேன்.