கேஷ் ஸ்டாம்பீட்: காலாவதி நெரிசலா, மொய்ப்பா?

கையேட்டு மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். nginx வழங்கியை அமைப்பது பற்றிய ஒரு பயிற்சிக் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 'கேஷ்' என்பதற்கு நாம் முன்பே ஏற்றுக்கொண்ட 'இடைச்சேமிப்பு' என்பதையே ஆள்கிறேன். அதில் சிக்கல் இல்லை. 'கேஷ் ஸ்டாம்பீட்' வரும் இடத்தில்தான் நின்றுவிட்டேன். பலரும் பார்க்கும் ஒரு பக்கம் இடைச்சேமிப்பில் இருக்கிறது. அதன் ஆயுள் முடிந்த நொடியில், அதைக் கேட்டு வருகிற கோரிக்கைகள் எல்லாம் ஒன்றாக மூல வழங்கியின் வாசலில் போய் நிற்கின்றன. இதற்குக் 'காலாவதி நெரிசல்' என்று எழுதியிருக்கிறேன். தீர்வாக `proxy_cache_lock on;` என்ற ஒரு வரியைக் கொடுத்து, 'ஒருவரை மட்டும் உள்ளே விட்டு மற்றவர்களை நிறுத்திவைக்கும் பூட்டு' என்று விளக்கியிருக்கிறேன். நெரிசலும் பூட்டும் பொருந்தி வருவதாகவே தோன்றுகிறது. மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள்.

வழங்கிப் பராமரிப்பாளர்:

வணக்கம். மறுப்பு இரண்டு உண்டு. ஒன்று சொல்லைப் பற்றியது, மற்றது தீர்வைப் பற்றியது. தீர்வில் இருக்கும் பிழை கையேட்டைப் படிப்பவர்களை நேரடியாகப் பாதிக்கும் என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

`proxy_cache_lock` என்பது இடைச்சேமிப்பில் இதுவரை இல்லாத ஒன்றைப் புதிதாக நிரப்பும்போது மட்டுமே வேலை செய்யும். ஆயுள் முடிந்த நகல் ஏற்கெனவே வட்டில் இருக்கிறது என்றால் இந்தப் பூட்டு குறுக்கே வராது. நீங்கள் தடுக்க நினைத்த கூட்டம் அப்படியே மூல வழங்கிக்குப் போகும். காலாவதியைச் சமாளிப்பதற்கு உரிய வரி வேறு:

```
proxy_cache_lock on;
proxy_cache_use_stale updating;
proxy_cache_background_update on;
```

இரண்டாவது வரி இருந்தால், ஒரு கோரிக்கை புதுப் பிரதியை எடுத்து வரப் போயிருக்கும் வேளையில் மற்றவர்களுக்குப் பழைய நகலே கொடுக்கப்படும். மூன்றாவது வரியும் சேர்ந்தால், முதலில் வந்தவரும் காத்திருக்க வேண்டியதில்லை. புதுப்பிப்பு பின்னணியில் நடக்கும். பதிவேட்டில் `$upstream_cache_status` மாறியை எழுதச் செய்தால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். எந்த ஏற்பாடும் இல்லாதபோது ஒரே முகவரிக்கு, ஒரே நொடியில், `EXPIRED` என்ற வரிகள் அடுக்கடுக்காக வந்து நிற்கும். இரண்டாவது வரியை மட்டும் சேர்த்துப் பாருங்கள்: ஒரே ஒரு `EXPIRED`, அதைச் சுற்றி `UPDATING` வரிகள் வரும்.

முதல் வரியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. `proxy_cache_lock_timeout` இயல்பாக 5 நொடி. புதுப் பக்கம் ஒன்றைத் தயாரிக்க மூல வழங்கிக்கு 7 நொடி ஆகிறது என்றால், 5 நொடி காத்திருந்து சலித்த கோரிக்கைகள் எல்லாம் மூலத்துக்கே அனுப்பப்படும். அவற்றுக்குக் கிடைக்கும் விடைகள் சேமிக்கப்படவும் மாட்டா. தடுக்க நினைத்தது 5 நொடி தள்ளி நடக்கிறது, அவ்வளவுதான்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். 'நெரிசல்' ஏற்கெனவே வலையமைப்பில் பொதிகள் தேங்கி நிற்பதற்கு ஆளப்படுகிறது. இங்கே பாதையில் நெரிசல் எதுவும் இல்லை. வாசல் அகலமாகத் திறந்திருப்பதுதான் கோளாறு. ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு நொடிக்கு 800 கோரிக்கைகள் வருகின்றன. அதன் ஆயுள் 60 நொடி. அதைத் தயாரிக்க மூல வழங்கிக்கு அரை நொடி ஆகிறது. ஆயுள் இருக்கும் வரை மூலத்துக்கு வேலையே இல்லை. ஆயுள் முடிந்ததும், முதல் விடை திரும்பி வருவதற்குள் 800 × 0.5, அதாவது 400 கோரிக்கைகள் உள்ளே போய்விடும். மூல வழங்கியால் ஒரே சமயத்தில் 40 கோரிக்கைகளைத்தான் கவனிக்க முடியும் என்றால், அந்த 400-ஐத் தீர்க்கப் பத்துச் சுற்று, அதாவது 5 நொடி ஆகும். முதல் விடை அரை நொடியில் சேமிப்புக்கு வந்துவிட்டால் புதிதாக யாரும் உள்ளே போகமாட்டார்கள். இந்தப் பக்கத்தைப் பொறுத்தவரை கதை அதோடு முடியும், மற்றப் பக்கங்கள்தாம் 5 நொடி தவிக்கும். ஆனால் கூட்டத்தாலேயே தரவுத்தளம் திணறி, முதல் விடை வர 3 நொடி ஆகிறது என்று வையுங்கள். அதற்குள் உள்ளே போனவை 2,400. கூட்டம் தாமதத்தைக் கூட்டுகிறது, தாமதம் கூட்டத்தைக் கூட்டுகிறது. இந்தச் சுழல் 'நெரிசல்' என்ற சொல்லில் இல்லை.

செய்தித் தள நிரலர்:

எனக்கு இந்தத் தொல்லை நன்றாகவே பழக்கம். நான் பணிபுரிந்த ஒரு செய்தித் தளத்தில் இடைச்சேமிப்பை மறுதொடக்கம் செய்துவிட்டு, எல்லாக் கட்டுரைகளையும் ஒரு நிரல் மூலம் முன்கூட்டியே நிரப்பி வைப்போம். எல்லாவற்றுக்கும் ஒரு மணி நேர ஆயுள். சரியாக ஒரு மணி நேரம் கழித்து மூல வழங்கி படுத்துவிடும். எழுப்பினால் அடுத்த மணி நேரத்தில் மீண்டும் படுக்கும். கடைசியில் ஒவ்வொரு கட்டுரையின் ஆயுளோடும் சில நிமிடங்களைத் தற்போக்காகக் கூட்டியதும் சரியாகிவிட்டது. ஆகவே பூட்டும் வேண்டாம், பழைய நகலும் வேண்டாம். ஆயுளைச் சிதறடித்தால் போதும். 'காலாவதி நெரிசல்' என்ற சொல்லும் எனக்குச் சரியாகவே படுகிறது.

வழங்கிப் பராமரிப்பாளர்:

ஐயா, நீங்கள் செய்தது சரியான மருந்து. ஆனால் நோய் வேறு. உங்கள் தளத்தில் ஆயிரக்கணக்கான கட்டுரைகளின் ஆயுள் ஒரே நிமிடத்தில் முடிந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு கோரிக்கை வந்திருந்தாலும் மூல வழங்கி விழுந்திருக்கும். நாம் பேசுவது ஒரே பொருளை எல்லோரும் கேட்பதைப் பற்றி. முகப்புப் பக்கத்தின் ஆயுள் 60 நொடியில் முடிந்தால் என்ன, 67 நொடியில் முடிந்தால் என்ன, முடிகிற கணத்தில் நொடிக்கு 800 பேர் வாசலில் இருக்கிறார்கள். சிதறல் இவர்களைக் குறைக்காது. உங்கள் நிகழ்வுக்குக் 'கூட்டுக் காலாவதி' என்று தனிப் பெயர் வைப்பதே நல்லது. இரண்டுக்கும் ஒரே பெயரைக் கொடுத்தால் படிப்பவர் மருந்தை மாற்றிச் சாப்பிடுவார்.

'காலாவதி' என்ற முன்னொட்டே வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. 2010 செப்டம்பர் 23 அன்று ஃபேஸ்புக் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் முடங்கியது. அதில் எதன் ஆயுளும் முடியவில்லை. நிலைச்சேமிப்பில் இருந்த ஓர் அமைப்பு மதிப்பை மாற்றியபோது, புதிய மதிப்பு செல்லாது என்று தானியங்கிச் சரிபார்ப்பு முடிவு செய்தது. அந்த மதிப்பைக் கண்ட ஒவ்வொரு கிளையனும் அதைத் திருத்துவதற்காகத் தரவுத்தளத் தொகுதியைக் கேட்கப் போனது. நொடிக்கு லட்சக்கணக்கில் வினவல்கள் குவிந்தன. தரவுத்தளம் திணறிப் பிழையைத் திருப்பி அனுப்பியபோது, அந்தப் பிழையையும் 'செல்லாத மதிப்பு' என்றே எடுத்துக்கொண்டு, இடைச்சேமிப்பில் இருந்த உள்ளீட்டைக் கிளையன்கள் அழித்தன. அழித்ததால் மீண்டும் கேட்க வேண்டியதாயிற்று. முதல் தவற்றைத் திருத்திய பிறகும் வினவல்கள் ஓயவில்லை. அந்தத் தரவுத்தளத்துக்குப் போகும் போக்குவரத்து முழுவதையும் நிறுத்தி, அதாவது தளத்தையே மூடித்தான் மீள முடிந்தது. காலாவதி, அழிப்பு, வெற்றுச் சேமிப்பு எதுவானாலும், ஒரு பொருள் கையில் இல்லாத இடைவெளியில் பலர் தனித்தனியாக அதைத் தயாரிக்க முனைவதே இதன் உள்ளடக்கம்.

தமிழாசிரியர்:

கணினி நுட்பம் எனக்குத் தொலைவு. விளக்கம் தெளிவாக இருந்ததால் துணிந்து எழுதுகிறேன். 'ஸ்டாம்பீட்' என்பதை 'மிரண்டோட்டம்' என்று யாரேனும் முன்மொழிவதற்கு முன்பே அதை மறுத்துவிடுகிறேன். மிரண்ட மாடு அஞ்சிய இடத்தை விட்டு ஓடும். இங்கே எல்லோரும் ஒன்றை நாடி வருகிறார்கள். நாடி வந்து சூழ்வதற்குத் தமிழில் 'மொய்த்தல்' இருக்கிறது. ஈ மொய்த்தது என்றால் பல, ஒரே இடத்தில், ஒன்றையொன்று கலந்துகொள்ளாமல் என்ற மூன்றும் சொல்லாமலே விளங்கும். 'மூல மொய்ப்பு' எனலாம்.

பழைய நகலைக் கொடுப்பதாகச் சொன்னீர்களே, எவ்வளவு பழையது? தேர்வு முடிவில் நேற்றைய பக்கத்தைக் காட்டிவிட்டால் மாணவர் பாடு என்ன ஆவது?

செய்தித் தள நிரலர்:

அம்மா, 'மொய்ப்பு' எனக்கும் பிடித்திருக்கிறது. கல்யாண மொய் நினைவுக்கு வருவதைப் பொறுத்துக்கொள்ளலாம். 'மூல மொய்ப்பு' மட்டும் வேண்டாம். பேருந்து நிலையச் சுவரில் ஒட்டிய சித்த மருத்துவமனை விளம்பரம் போல இருக்கிறது.

வழங்கிப் பராமரிப்பாளர்:

நானும் அதையே நாசூக்காகச் சொல்ல நினைத்திருந்தேன். 'மொய்ப்பு' என்பதை முழு மனதோடு ஏற்கிறேன். எதன் பொருட்டு மொய்க்கிறார்கள் என்பதை முன்னே வைத்தால் 'மீளாக்க மொய்ப்பு' ஆகும். ஒரே பொருளை மீண்டும் ஆக்குவதற்காக மொய்ப்பது. மூல வழங்கியைத் திட்டமிட்டுத் தாக்குவதிலிருந்தும் இது தன்னைப் பிரித்துக்காட்டும்.

ஆசிரியரின் கேள்வி நியாயமானது. ஆயுள் முடிந்தபின் எவ்வளவு நேரம் பழையதைக் கொடுக்கலாம் என்பதை மூல வழங்கியே விடையோடு சொல்லி அனுப்பலாம். 2010-இல் வெளியான RFC 5861 அதற்கு வகை செய்தது:

```
Cache-Control: max-age=60, stale-while-revalidate=30
```

60 நொடி வரை புதியது. அடுத்த 30 நொடிக்குள் யாரேனும் கேட்டால் பழையதைக் கொடுத்துவிட்டுப் பின்னணியில் புதுப்பிக்கலாம். அதற்கும் பிறகு வந்தால் புதியதற்குக் காத்திருக்கத்தான் வேண்டும். முன்பு நான் கொடுத்த `proxy_cache_use_stale updating` வரியில் இப்படி ஒரு நொடி வரம்பு இல்லை; ஆகவே தேர்வு முடிவு, காலி இருக்கைகளின் எண்ணிக்கை போன்றவற்றுக்கு அதைப் பொதுவாகப் போட்டுவிடக் கூடாது. அத்தகைய இடங்களில் பழையதைக் கொடுக்காமல், கோரிக்கைகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு விடைக்காகக் காக்க வைப்பதே வழி. அப்போது தாமதத்தைப் பயனர் உணர்வார், வேறு வழியில்லை.

கையேட்டு மொழிபெயர்ப்பாளர்:

மூவருக்கும் நன்றி. மூன்று வரி அமைப்பையும், 5 நொடிக் கண்ணியையும், பழைய நகல் பற்றிய எச்சரிக்கையையும் கையேட்டில் சேர்த்துவிட்டேன். 'மீளாக்க மொய்ப்பு' என்பதைத் தற்காலிகமாக ஏற்றிருக்கிறேன். எனக்கு ஒரு தயக்கம் மட்டும் நீங்கவில்லை: முதன்முறையாக நிரப்பும்போது நடப்பது 'ஆக்கம்', 'மீளாக்கம்' அன்று, வெற்றுச் சேமிப்பையும் இதே சொல்லால் குறித்தால் 'மீள்' உறுத்துகிறது.

தமிழாசிரியர்:

'மீள்' உறுத்தினால் 'ஆக்க மொய்ப்பு' என்று குறைக்கலாமே என்று தோன்றும். ஆனால் அது 'ஆக்கபூர்வமான மொய்ப்பு' என்ற மயக்கத்தைத் தரும். நான் 'ஒருபொருள் மொய்ப்பு' பக்கம் சாய்கிறேன். நிரலர் ஐயாவின் கூட்டுக் காலாவதியிலிருந்து இதைப் பிரிப்பது அந்த 'ஒரு' தானே.

வழங்கிப் பராமரிப்பாளர்:

'ஒருபொருள்' என்றதும் 'ஒருபொருட் பன்மொழி' நினைவுக்கு வந்து இலக்கண வகுப்புக்குப் போய்விடுகிறேன். எனினும் வாதம் வலுவானது; மறுக்க என்னிடம் காரணம் இல்லை. கையேட்டில் இரண்டில் எதை வைத்தாலும் தீர்வின் பெயரை அதோடு சேர்த்தே முடிவு செய்யுங்கள். கோரிக்கைகளைச் சேர்த்து ஒன்றாக அனுப்புவதை RFC 9111-உம் குறிப்பிடுகிறது. அதற்குக் 'கோரிக்கை ஒடுக்கம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். 'ஒடுக்கம்' அடக்குமுறையாக ஒலிக்கிறது. 'கோரிக்கை இணைப்பு' என்றால் வலை இணைப்போடு குழம்பும். 'கோரிக்கைக் குவிப்பு' எப்படி இருக்கும்?

செய்தித் தள நிரலர்:

குவித்தால் கூடுகிறது என்றல்லவா பொருள்? நாம் குறைக்கப் பார்க்கிறோம்.