கூட வேலை செய்பவருக்கு இந்த மெசேஜை அனுப்பலாமா?

வணக்கம். சென்னையில் ஒரு ஐடி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பக்கத்து டீமில் இருக்கும் ஒருவரை எனக்குப் பிடித்திருக்கிறது. அவருடைய அப்ரைசலில் எனக்குப் பங்கில்லை. இருந்திருந்தால் இந்தப் பேச்சையே எடுத்திருக்க மாட்டேன்.

வேலை விஷயமாகத் தொடங்கிய வாட்ஸ்அப் பேச்சு இப்போது சினிமா, சாப்பாடு என்று போகிறது. சில நாள் அவரே முதலில் அனுப்புவார், கேள்வியும் கேட்பார். ராத்திரி ஒன்பதுக்கு மேல் நான் அனுப்புவதில்லை.

நேற்று "அந்தப் பச்சைப் புடவை உங்களுக்கு ரொம்ப அழகு" என்று டைப் செய்து, அனுப்பாமல் அழித்துவிட்டேன். தோற்றத்தைப் பற்றிச் சொன்னால் அவர் மறுநாள் என்ன உடுத்துவது என்று யோசிக்க வேண்டிவரும். வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டமும் அந்தப் பெண்ணுக்கு அது வேண்டாததா என்றுதான் பார்க்கிறது. சொந்த போனில் அனுப்பினேன் என்பது சமாதானமாகாது.

அதற்குப் பதிலாக இதை எழுதி வைத்திருக்கிறேன்: "உங்களோடு பேசுவது பிடித்திருக்கிறது. சனிக்கிழமை ஒரு காபி குடிக்கலாமா? வேண்டாம் என்றால் தயங்காமல் சொல்லுங்கள், வேலையில் எதுவும் மாறாது."

வெறும் ஸ்மைலியோ "பார்க்கலாம்" என்றோ வந்தால் மறுப்பாகவே எடுத்துக்கொண்டு மறுபடி கேட்க மாட்டேன். அப்புறம் வழக்கமான அரட்டையைத் தொடரலாமா, அவராகப் பேசும்வரை வேலை விஷயத்தோடு நிறுத்திக்கொள்வதா? இப்படி மெசேஜ் வாங்கிய பெண்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். கடைசி வரி நிம்மதி தருகிறதா, அழுத்தமாகப் படுகிறதா?