“ஏத்தியாச்சா?”: லிஸ்டிங்குக்கு ஒரு சொல் வேண்டும்

வணக்கம். நாங்கள் வீட்டிலிருந்தபடி இணையத்தில் சுங்குடிச் சேலை விற்கத் தொடங்கியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு யாருக்கு எந்த வேலை என்று நான் நாலு வரி பேச வேண்டும். மற்றதற்கெல்லாம் சொல் இருக்கிறது, சேலையை இணையக் கடையில் விற்பனைக்குப் போடும் லிஸ்டிங்குக்குத்தான் இல்லை. இதுவரை “ஏத்துறது” என்றோம். போன வாரம் அம்மா “மெரூன் சேலையை ஏத்தியாச்சு” என்றார். அதாவது கடையில் போட்டாராம். தம்பி அதைக் கூரியர் வண்டியில் ஏற்றியதாக எடுத்துக்கொண்டு, வேறொரு மெரூனுக்குப் பணம் கட்டியிருந்தவருக்கு “கிளம்பிடுச்சு” என்று பதில் போட்டுவிட்டான்.

— மதுரை

‘பட்டியலிடல்’ ஏற்கெனவே இருக்கிறதே! பங்குச் சந்தையிலும் அதுதான் வழக்கு.

— கோவை

கோவை நண்பர் சொல்வது பாதி சரி. பட்டியல் என்றால் பல பொருள். இங்கே ஒரு சேலைக்கு ஒரு பக்கம்: நீளம், ரவிக்கைத் துணி உண்டா, விலை, கையிருப்பு. ‘பொருட்பதிவு’ என்பேன். பேச்சில் “பதிஞ்சாச்சு” என்று வரும், வண்டியோடு குழம்பாது. ‘கடைப்பதிவு’ வேண்டாம், ஜிஎஸ்டி பதிவு போலிருக்கிறது. இன்னொன்று, கைமுடிச்சுச் சேலை ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று. வாட்ஸாப்பில் விற்றதும் கடையில் கையிருப்பைப் பூஜ்யமாக்குவதும் பதிபவர் வேலைதான். அதை விட்டால் ஒரே சேலை இருவருக்கு விற்றுப்போகும்.

— தஞ்சாவூர்

சொல் இருக்கட்டும், பெட்டியைப் பாருங்கள். நான் அரைக் கிலோ சேலையை 35×28×8 செ.மீ. அட்டைப்பெட்டியில் அனுப்பினேன். மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுத்து, 1.57 கிலோவுக்குக் காசு கேட்டார்கள். இப்போது மடித்துக் கவரில்தான்.

— ஈரோடு

நன்றி. ஈரோட்டாரையும் சேர்த்துக்கொண்டேன். பேச்சு இதுதான்:

“அப்பா, படம் உங்க வேலை. காலையில ஜன்னல் வெளிச்சத்துல எடுங்க, ட்யூப்லைட் வேண்டாம். மெரூன் சிவப்பாத் தெரிஞ்சா சேலை திரும்பி வந்துடும். இஸ்திரி போடறதுக்கு முன்னாடியே முடிச்சுச் சுருக்கம் தெரியற மாதிரி கிட்டத்துல ஒரு படம். அம்மா, பொருட்பதிவு நீங்க. வித்ததும் பூஜ்யம் போடறதும் நீங்கதான். கட்டறது நான், பெட்டி கிடையாது, கவர்தான். தம்பி, பதில் உன்னோடது. கூரியர் எண் கைக்கு வராம ‘கிளம்பிடுச்சு’ன்னு எழுதக் கூடாது.”

— மதுரை

‘பதிவு’, ‘பதில்’ இரண்டும் காதில் ஒன்றுபோல் விழாதா? நான் ‘மறுமொழி’ என்பேன்.

— கோவை

வீட்டில் யார் ‘மறுமொழி’ என்பார்கள்!

— தஞ்சாவூர்

பேசி முடித்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். சாயங்காலம் அம்மாவிடம் “பச்சைச் சேலை பதிஞ்சாச்சா?” என்றேன். “போட்டாச்சு” என்றார். தம்பி அடுத்த அறையிலிருந்து கேட்கிறான்: “எதுல, கூரியர்லயா?”

— மதுரை