காலிபிரேஷனுக்கு ‘அளவுத்திருத்தம்’ சரிதானா?

செல்வி:
எல்லாருக்கும் வணக்கம். கோவையில் எங்கள் பாலிடெக்னிக் ஆய்வகக் கையேட்டைத் தமிழில் போடுகிறோம், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு சோதனையில் மாட்டிக்கொண்டேன். தண்டின் மேல் நான்கு ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டிய முறுக்குவிசை உணரி, 50 நியூட்டன் மீட்டர் வரை அளக்கும். ஒரு முனையை அசையாமல் பிடித்துவிட்டு மறுமுனையில் 500 மில்லிமீட்டர் கை மாட்டி, நுனியில் இரண்டிரண்டு கிலோவாக 10 கிலோ வரை எடைக்கல் ஏற்றி, அதே படிகளில் இறக்க வேண்டும். திரிபு, முறுக்குவிசை போன்ற சொற்களில் தகராறில்லை. காலிபிரேஷனுக்கு ‘அளவுத்திருத்தம்’ என்று போட்டிருந்தேன். போன வாரம் மாதிரிப் படியை வைத்துச் செய்துபார்த்த பையன்கள் முதல் வேலையாக ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஆம்ப்ளிஃபயர் திருகைத் திருப்பி, 10 கிலோவுக்கு 49.05 காட்டும்படி வைத்துவிட்டார்கள். கேட்டால் ‘திருத்தம்னுதானே மேடம் போட்டிருக்கு’ என்கிறான் ஒருவன். வேறு சொல் தாருங்கள்.

குமரன்:
பையன் சொல்லில் இருந்ததைத்தான் செய்தான், சொல்தான் தப்பு. பெங்களூரில் ஒரு காலிபிரேஷன் கூடத்தில் இருக்கிறேன், எங்களுக்கு இது தினசரித் தலைவலி. தெரிந்த முறுக்குவிசையைக் கொடுத்து, கருவி என்ன சொல்கிறது என்று குறித்து, இரண்டுக்கும் உள்ள உறவைக் கண்டுபிடிப்பதோடு காலிபிரேஷன் முடிந்தது. திருகைத் திருப்புவது அதற்கப்புறம், வேண்டுமானால் செய்கிற தனி வேலை. அளவியலின் சர்வதேசச் சொல்லகராதியே இரண்டையும் குழப்பாதே என்று எழுதிவைத்திருக்கிறது.

உங்கள் பையன்கள் செய்ததில் இன்னொரு வில்லங்கம். 49.05 எங்கிருந்து வந்தது? 10 × 9.81 × 0.5. கோவையில் புவியீர்ப்பு முடுக்கம் அவ்வளவு கிடையாது, ஏறக்குறைய 9.781தான். நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், போதாததற்கு 400 மீட்டர் உயரம். ஆக அந்தக் கல் தருவது 48.9. தப்பான எண்ணுக்குக் கருவியைத் ‘திருத்தி’விட்டார்கள், திருப்புவதற்கு முன் என்ன காட்டியது என்பதையும் குறிக்கவில்லை. இதற்கு முன் அதே உணரியில் ஏதாவது அளவுகள் எடுத்திருந்தால், அவற்றை இனி மீட்டுக் கணக்கிட வழியே இல்லை.

பாஸ்கர்:
அய்யா, நான் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். போல்ட்டை அளவாக முடுக்கி ‘க்ளிக்’ சத்தம் தரும் டார்க் ரெஞ்சை வருடத்துக்கு ஒரு தடவை அனுப்புவேன், சரி பண்ணி ஸ்டிக்கர் ஒட்டித் தருவார்கள். அதுதானே காலிபிரேஷன்? திருத்தம் என்பதில் என்ன குற்றம் என்று புரியவில்லை. ‘க்ளிக்’ லேட்டாக வந்தால் போல்ட் முறிகிறது, அதைத் திருத்தித்தானே ஆகணும்.

குமரன்:
பாஸ்கர், சான்றிதழை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். திருத்தியிருந்தால், வந்தபோது இருந்த அளவு ஒன்று, திருத்தியபின் எடுத்த அளவு ஒன்று, இரண்டும் அதில் இருக்க வேண்டும். முதல் பட்டியல் இல்லையென்றால், போன வருடம் நீங்கள் முடுக்கிய போல்ட்டெல்லாம் எந்த லட்சணத்தில் இருந்தன என்று யாருக்குத் தெரியும்?

ராமநாதன்:
ஊர் ஊராகச் சொல் தேடுவானேன், வள்ளுவரிடமே இருக்கிறது. ‘தத்தம் கருமமே கட்டளைக் கல்’ என்றாரே. உரைகல் பொன்னைத் திருத்துவதில்லை, அதன் மாற்று என்ன என்று சொல்கிறது, அவ்வளவுதான். குமரன் கேட்கிற பொருள் அச்சாக அதுவே. ஆகவே ‘கட்டளைப்படுத்தல்’. அது கசந்தால் ‘சமன்செய்து சீர்தூக்கும் கோல்’ இருக்கிறது. கோலும் உண்டு, தூக்குவதும் உண்டு, அம்மையாரின் சோதனையையே பார்த்துவிட்டு எழுதியதுபோல ‘சீர்தூக்கல்’. தூக்கு என்றால் எடை, செய்யுளில் ஓசையை அளப்பதும் தூக்குத்தான், தொல்காப்பியச் செய்யுளியலில் அது ஓர் உறுப்பு. ‘தூங்கு’வுக்கும் இதற்கும் உள்ள உறவைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

செல்வி:
ஐயா, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டளை என்றதும் பையன்கள் கம்ப்யூட்டரில் கமாண்ட் தட்டப் போய்விடுவார்கள். சீர்தூக்கல் என்றால் எடை போட்டுப் பார்ப்பது என்று ஆகிவிடும். நாளைக்கு வெப்பமானியை எதில் தூக்குவது?

யோகன்:
யாழ்ப்பாணத்தில இருந்து ஒரு சின்ன விசயம். ‘கை’ எண்டு எழுதியிருக்கிறியள். அந்த நாலு கேஜையும் இணைக்கிற வீட்ஸ்டன் சமனச்சுற்றுக்கும் நாலு கை இருக்கு. ‘கையில் சுமை ஏற்றுக’ எண்டால் எந்தக் கை? எங்கட கிணத்துத் துலா இதே கோலம்தானே, ‘துலாக்கை’ எண்டு போடலாம். தமிழ்நாட்டில அதை ஏற்றம் எண்டுவினம் போல.

ராமநாதன்:
துலா வடசொல். ‘நிறைகோல்’ என்க.

யோகன்:
ஐயா, நிறைகோல் எண்டால் தராசு. தண்ணி அள்ளேலாது.

மணி:
இவ்வளவு பாடு எதற்கு? சமனச்சுற்றின் ஒரு கைக்கு இணையாகத் தெரிந்த மின்தடையை வைத்தால் தெரிந்த அளவு மின்னழுத்தம் வந்துவிடும், அதுவே காலிபிரேஷன். எடைக்கல்லே வேண்டாம். எங்கள் கம்பெனியில் அப்படித்தான், சொல்லும் எளிது: ‘தடைச் சரிபார்ப்பு’.

குமரன்:
பாதி சரி, மணி. ஆம்ப்ளிஃபயரும் கேபிளும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று அது சொல்லும். கேஜ் தண்டிலிருந்து பாதி உரிந்திருந்தாலும் அந்த மின்தடை அதே அளவைத்தான் காட்டும், ஏனென்றால் தண்டை யாரும் முறுக்கவே இல்லையே. அதற்குச் ‘சரிபார்ப்பு’ பொருந்தும். இது வேறு.

செல்வி:
சரி, சொல்லுக்கு நடுவில் ஒரு சந்தேகம். நேற்று திருகைத் தொடாமல், ஆம்ப்ளிஃபயரை விட்டுவிட்டு உணரியின் வெளியீட்டையே எடுத்தோம். 10 கிலோவுக்கு, உணரிக்கு ஊட்டும் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் 1.467 மில்லிவோல்ட். ஆனால் 4 கிலோவில் ஏறும்போது 0.584, இறங்கும்போது 0.590. உணரியே போய்விட்டதா?

குமரன்:
முதலில், தொடங்குமுன் மூன்று தடவை முழுச் சுமை ஏற்றி இறக்கினீர்களா? புதிதாக மாட்டிய இணைப்புகள் அப்போதுதான் உட்காரும். அப்புறம், கை ஒரே பக்கம் நீட்டியிருப்பதால் தண்டு வளையாமல் இருக்க பேரிங்கில் தாங்கியிருப்பீர்கள். ஏற்றும்போது அதன் உராய்வு முறுக்குவிசையில் கொஞ்சத்தைத் தானே வாங்கிக்கொள்ளும், அதனால் உணரி குறைவாகக் காணும். இறக்கும்போது தலைகீழ். 4 கிலோவில் நிறுத்தி, கையைப் பென்சிலால் மெதுவாகத் தட்டுங்கள். எண் நகர்ந்தால் குற்றம் பேரிங்கினுடையது, நகராவிட்டால் உணரியைச் சந்தேகிக்கலாம்.

ஒவ்வொரு படியிலும் கை கிடைமட்டமாக இருக்கிறதா என்றும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தண்டும் இணைப்பும் முறுகி மூன்று பாகை சாய்ந்தால் 0.14 சதவீதம் போச்சு.

செல்வி:
தட்டினேன், 0.587க்கு வந்துவிட்டது! பேரிங்கில் கிரீஸ் கெட்டியாகியிருந்தது, கழுவி மாற்றுகிறோம். ஏற்ற இறக்க வேறுபாட்டுக்குக் காந்தப் பாடத்தில் இருக்கிற ‘தயக்கம்’ என்பதையே வைத்துக்கொள்கிறேன்.

ராமநாதன்:
தயக்கம் நல்ல சொல். இரும்பும் தயங்கும், கிரீஸும் தயங்கும். இந்த மடற்குழுவைச் சொல்லவே வேண்டாம்.

குமரன்:
நான் ‘அளவொப்பீடு’ என்கிறேன். திருகைத் திருப்புவதற்கு ‘அளவுத்திருத்தம்’ அப்படியே இருக்கட்டும், அதற்கு அது பொருத்தமான சொல்தான்.

மணி:
ஒப்பீடு என்றால் இரண்டு பொருளை ஒப்பிடுவதில்லையா? கம்பேரிசன்?

குமரன்:
இங்கேயும் இரண்டு இருக்கின்றன. எடைக்கல்லும் கையும் தருவது ஒன்று, உணரி சொல்வது இன்னொன்று.

பாஸ்கர்:
எங்கள் பசங்களுக்குக் காலிபிரேஷன்தான் புரியும். ஸ்டிக்கரில் அப்படித்தான் இருக்கிறது.

செல்வி:
வியாழன் இரவு பதினொன்றரை. தலைப்பில் ‘அளவொப்பீடு’, கீழே சிறிய எழுத்தில் ‘காலிபிரேஷன்’, படத்தில் ‘துலாக்கை’. முதல் படியாக ‘திருகைத் தொடாதே, இருப்பதைக் குறி’ என்று கட்டம் கட்டிவிட்டேன். 9.81ஐ அடித்து 9.781 என்று மாற்றியாயிற்று. கோப்பு அச்சகத்துக்குப் போகிறது.

ராமநாதன்:
என் மாற்றுக்கருத்து பதிவாகட்டும். ‘கட்டளைப்படுத்தல்’ இரண்டாம் பதிப்பிலாவது வர வேண்டும். தூக்கு, தூங்கு பற்றிய மடல் நாளை.